பிள்ளையின் முதல் மின்னஞ்சல்: பிறந்த வருடத்தை மாற்றிப் போடாதீர்கள்

(சிதம்பரத்தில் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கடலூரிலிருந்து வந்திருந்த குடும்பங்களும் கலந்துகொண்டன. அன்று கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களையும் உரையிலேயே சேர்த்துத் தருகிறோம்.)





போன மாதம் ஒரு சகோதரி தன் மகனையும் கூட்டிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். பையன் ஆறாம் வகுப்பு. வயது 11. கணவர் வெளிநாட்டில். "அண்ணே, இவன் மெயிலை அஞ்சு நாளில் மூடிடுவாங்களாம், இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினார். பையன் முகம் வாடிப்போயிருந்தது. பார்த்தேன். கூகுள் அனுப்பிய அறிவிப்புதான், மோசடி அல்ல. கணக்கு வைத்திருப்பவரின் வயது போதாது, 14 நாட்களுக்குள் பெற்றோர் கண்காணிப்பை ஏற்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று இருந்தது. அதில் ஒன்பது நாட்கள் ஏற்கெனவே போய்விட்டன.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். ஒரு வருடத்துக்கு முன் பள்ளியில் மெயில் ஐடி கேட்டார்கள். சகோதரி போன் கடைக்குப் போனார். கடைக்காரத் தம்பி இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறந்த தேதி கேட்ட இடத்தில் பையனின் உண்மையான வருடத்தைப் போட்டால் "பெற்றோரைக் கூப்பிடு" என்று வரும். அதனால் 1995 என்று போட்டுவிட்டார். போன் எண் கேட்ட இடத்தில் தன் கடை எண்ணையே போட்டார். பையன் கண் முன்னால்தான் எல்லாம் நடந்தது. பிறகு ஒரு நாள் பையனே கணக்கைத் திறந்து, "என் பிறந்த நாள் தப்பா இருக்கே" என்று சரியான தேதியைப் போட்டிருக்கிறான். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு வந்ததுதான் அந்த அறிவிப்பு.

கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் கணக்கு இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். என் தங்கை மகளுக்கு நானே ஒரு காலத்தில் அப்படிப் போட்டுக் கொடுத்தவன்தான்.

அந்த ஒரு பெட்டியில் வருடத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். நம் நாட்டில் கூகுள் கணக்கைத் தானே வைத்து நடத்த குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர்தான் தன் கணக்கிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து கொடுக்க வேண்டும். அப்படித் திறந்த கணக்கில் ஜிமெயில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. விளம்பரம் காட்டாது. குப்பை என்று கண்டுபிடித்த கடிதத்தைப் பிள்ளையின் பெட்டிக்குள் விடவே விடாது. வந்த கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் வசதியும் கிடையாது. பிள்ளை புதிதாக ஒரு போனிலோ கணினியிலோ நுழைய முயன்றால் பெற்றோரின் சம்மதம் கேட்கும். 1995 என்று போட்ட நிமிடத்தில் இவ்வளவும் போய்விட்டது. கூகுளின் கண்ணில் அந்தப் பிள்ளை முப்பது வயது ஆண். முப்பது வயதுக்காரருக்குக் காட்டும் விளம்பரம், யூடியூபில் வரும் படம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பிள்ளை தவறாகத் தேடியதால் வருவதில்லை. நாம் போட்ட வருடத்தால் வருகிறது.

சட்டமும் இதைத் தொடுகிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் விவரங்களைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஆனால் குழந்தை என்று நாமே சொல்லாமல் மறைத்துவிட்டால், அந்தப் பாதுகாப்பை யாரிடம் போய்க் கேட்பது?

சரி, அந்தப் பையனின் கணக்கை எப்படிச் சரி செய்தோம் என்று சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதே வரிசைதான்.

முதலில் பையன் கணக்கைத் தொடவே இல்லை. அம்மாவின் கணக்கைக் கேட்டேன். "எனக்கு மெயில் எல்லாம் இல்லண்ணே" என்றார். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் திறக்கிறது என்றால் ஒரு கூகுள் கணக்கு உள்ளே இருக்கிறது என்று பொருள். பார்த்தோம், இருந்தது. கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. பிள்ளையின் கணக்குக்குச் சாவி பெற்றோரின் கணக்குதான். அதன் சாவியே கையில் இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. போனின் Settings-ல் Google என்ற இடத்துக்குப் போய், தன் கணக்கைத் திறந்து, Security என்று தொடங்கும் பகுதிக்குப் போனோம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னதும், போன் பூட்டைத் திறந்து காட்டச் சொன்னது. அவர் வழக்கமாக வைத்திருக்கும் போன் என்பதால் ஏற்றுக்கொண்டது. புதிய கடவுச்சொல் வைத்தோம். வேறு புதுப் போனிலிருந்து முயன்றிருந்தால் சில நாள் காத்திருக்கவும் சொல்லும். நமக்கு இருந்ததோ ஐந்து நாள். அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையை அவசரம் வருவதற்கு முன்பே செய்து வையுங்கள்.

அதே பகுதியில் Recovery phone என்று ஒரு வரி இருக்கும். கணக்கு தொலைந்தால் எந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. சகோதரியின் கணக்கில் இருந்தது, அவர் மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்ட பழைய எண். விட்ட எண்ணை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். இப்போதைய எண்ணைப் போட்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. லால்பேட்டையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பலர் என்னிடம் கேட்பது, "நான் அங்கிருந்தே என் கணக்கில் போட்டுக் கொடுத்துவிடலாமா?" என்று. கூகுள் இதைக் குடும்பக் குழு என்ற அமைப்பில் வைத்திருக்கிறது. குழுவின் தலைவர் கணக்கு எந்த நாட்டினதோ, அந்த நாட்டில்தான் மற்றவர்களும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. துபாயிலோ சவூதியிலோ திறந்த கணக்கில் அத்தா தொடங்கினால் இடையில் சிக்கும். பிள்ளையோடு இருக்கும் அம்மாவின் கணக்கில் தொடங்குங்கள். அம்மாவுக்குத் தெரியாது என்று ஒதுக்க வேண்டாம். அத்தா வீடியோ காலில் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

அடுத்து அம்மா போனில் Family Link என்ற செயலியை இறக்கினோம். அது கூகுளுடையது, இலவசம். பையன் கணக்கில் வந்த அறிவிப்பைத் திறந்து, பெற்றோர் கண்காணிப்பு வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் முகவரியைக் கொடுத்தோம். அம்மா தன் கடவுச்சொல்லைப் போட்டு, சம்மதத்தைப் படித்து ஒப்புக்கொண்டார். கடைக்காரரின் எண்ணை நீக்கினோம். மூடவிருந்த கணக்கு நின்றது, அல்ஹம்துலில்லாஹ். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிது. Family Link-ல் பிள்ளையைச் சேர்க்கும் இடத்தில், கணக்கு இல்லை என்று சொன்னால் பெயர், பிறந்த தேதி, முகவரி, கடவுச்சொல் என்று வரிசையாகக் கேட்கும். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிறந்த தேதியை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வழக்கமாக வைப்பது பெயர், பிறந்த வருடம், ஊர். முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் இது 2014-ல் பிறந்த சிதம்பரத்துப் பெண் பிள்ளை என்று எவனுக்கும் தெரிந்துவிடும். பள்ளியின் பெயரையும் சேர்த்துவிட்டால் வாசல் வரை வழி சொன்னது போல. ஆறு எழுத்திலிருந்து முப்பது எழுத்து வரை எதையும் வைக்கலாம். பிள்ளைக்குப் பிடித்த இரண்டு சொல்லைச் சேர்த்து, நீலக்கப்பல் என்பது போல, பிறந்த வருடமாக இல்லாத ஓர் எண்ணோடு வையுங்கள். இன்னொரு தகவல்: ஜிமெயிலில் நடுவில் வைக்கும் புள்ளிக்கு மதிப்பு இல்லை. புள்ளி வைத்து எழுதினாலும் வைக்காமல் எழுதினாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். புள்ளியை மாற்றி இன்னொரு பிள்ளைக்கு வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஏற்காது.

கணக்கு தயார். சகோதரி நிம்மதியாக, "இனி இவனுக்கு என்ன லெட்டர் வந்தாலும் என் போனிலேயே தெரியும் இல்லண்ணே?" என்றார். இல்லை என்றேன். அவருக்கு அதிர்ச்சி.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. Family Link-ல் பிள்ளை போனை எவ்வளவு நேரம் பார்க்கிறது, எந்தச் செயலியை இறக்கக் கேட்கிறது, போன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இரவு ஒன்பது மணிக்குப் போனைப் பூட்டலாம். பிள்ளை கடவுச்சொல்லை மறந்தால் புதிதாக வைத்துக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளையின் கடிதங்களை அது காட்டாது. யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று பார்க்க அதில் வழி இல்லை. செயலியைப் போட்டுவிட்டோம், கண்காணிப்பு முடிந்தது என்று இருந்தால் நாம் பார்ப்பது கடிகாரத்தை மட்டும்தான்.

அப்படியானால் பிள்ளை தூங்கும்போது எடுத்துப் படிக்கலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. துருவி உளவு பார்ப்பதை மார்க்கமே தடுத்திருக்கிறது. அதோடு, ஒளிந்து படித்தால் ஒரு நாள் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த மறு நாள் நமக்குத் தெரியாத இன்னொரு கணக்கு திறக்கப்படும். அதில் மறுபடியும் 1995 தான் இருக்கும். படிப்பதாக இருந்தால் பிள்ளைக்குத் தெரிந்தே, பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். அந்தச் சகோதரி வீட்டில் ஏற்பாடு இப்படி ஆனது. கடவுச்சொல் ஒரு நோட்டில் எழுதப்பட்டு பீரோவில் இருக்கிறது. அம்மாவுக்கும் மகனுக்கும் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது, நண்பனுக்கும் இல்லை, டியூஷன் ஆசிரியருக்கும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், அஸருக்குப் பிறகு கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து திறக்கிறார்கள். நடுவில் திறக்க வேண்டியதில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அவசரக் கடிதம் எதுவும் வந்துவிடப் போவதில்லை.

எந்தக் கருவியில் திறப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டில் அம்மா போன் ஒன்றுதான் இருக்கிறது என்றால் பிள்ளை கணக்கை அதில் சேர்க்காதீர்கள். கண்காணிப்புக் கணக்கைச் சேர்த்தால் அந்தப் போனைப் பிள்ளையின் போனாக எடுத்துக்கொண்டு, மற்றக் கணக்குகளை நீக்கச் சொல்லும். நம் வீடுகள் பலவற்றில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினி இருக்கிறது. அதில் திறக்கலாம். அம்மாவின் சம்மதம் கேட்கும், கொடுத்தால் உள்ளே போகலாம். ஆனால் சாதாரண விண்டோஸ் கணினியில் Family Link வைக்கும் நேரக் கட்டுப்பாடு வேலை செய்யாது. கூடத்தில் எல்லோரும் நடமாடும் இடத்தில் வையுங்கள், நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம் போதும்.

தெரியாதவர்களிடமிருந்து வரும் கடிதத்தை எப்படித் தடுப்பது? ஜிமெயிலில் "இவர்கள் மட்டும் எழுதலாம்" என்று பூட்டுப் போட முடியாது. ஆனால் பிரித்து வைக்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, Settings-ல் Filters என்ற இடத்தில் புதிய வடிகட்டி ஒன்று உருவாக்கி, Has the words என்ற கட்டத்தில் தெரிந்தவர்களின் முகவரிகளைக் கீழே உள்ளது போலப் போட வேண்டும். மேடையில் சொன்னால் புரியாது என்பதால் அச்சில் தருகிறேன். முகவரிகள் மாதிரிக்கு மட்டும்.

```
-{from:amma@example.com from:attha@example.com from:mama@example.com}
```

முன்னால் உள்ள கழித்தல் குறிதான் முக்கியம். இவர்கள் அல்லாத எவர் எழுதினாலும் என்று அதற்குப் பொருள். அடுத்த திரையில் Skip the Inbox என்பதையும், Apply the label என்பதில் "அம்மாவுடன்" என்று ஒரு பெயரையும் கொடுங்கள். அத்தா, மாமா கடிதம் முன்னால் நிற்கும். மற்றதெல்லாம் "அம்மாவுடன்" என்ற பெட்டியில் காத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு ஆசிரியரோ உறவினரோ எழுதினால் அவர் முகவரியையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். இது வேலி அல்ல, திண்ணை. வருபவரைத் திண்ணையில் உட்கார வைத்து யார் என்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பையனின் பெட்டியை முதல் ஞாயிறு திறந்தபோது எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். வந்திருந்த ஒரு கடிதத்தின் மேலே ஒரு விளையாட்டு நிறுவனத்தின் பெயர். "உங்கள் பரிசு நாணயங்கள் காத்திருக்கின்றன, இன்றே பெறுங்கள்." பையன் கை அதன் மேல் போய்விட்டது. நிறுத்தி, பெயரைத் தொடச் சொன்னேன். பெயருக்குள்ளே உண்மையான முகவரி தெரிந்தது. நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம், முகவரியைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பையனுக்குப் புரிந்தது. மறு வாரம் அவனே இரண்டைப் பிடித்துக் காட்டினான் என்று அவன் அம்மா சொன்னார். பெருமை தாங்கவில்லையாம் அவனுக்கு.

அந்தக் கடிதம் அவனைத் தேடி எப்படி வந்தது? அவன் ஏதோ ஒரு விளையாட்டில் முகவரியைப் போட்டிருந்தான். மின்னஞ்சல் கடிதத்துக்கு மட்டுமல்ல, மற்றக் கதவுகளுக்கும் அதுவே சாவி. விளையாட்டு, படம் வரையும் செயலி, வினாடி வினா எல்லாம் கேட்பது அதைத்தான். எனவே அவன் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தார்கள். எந்த இடம் மெயில் ஐடி கேட்டாலும் முதலில் அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் திட்டு கிடையாது. "வேண்டாம்" என்றால் ஏன் என்று அம்மா சொல்ல வேண்டும். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும், தன் புகைப்படத்தையும் வீட்டார் அல்லாத யாருக்கும் எழுதி அனுப்பக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது.

திட்டு கிடையாது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. யாரோ ஒருவன் பிள்ளையிடம் படம் கேட்டு மிரட்டினால், பிள்ளை வாய் திறப்பதும் திறக்காததும் அதற்கு முன் சின்னத் தவறுக்கு நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பொறுத்தது. அப்படி நடந்தால் கடிதத்தை அழிக்காதீர்கள், அழித்தால் ஆதாரம் போய்விடும். பதிலும் எழுதாதீர்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க அங்கே வழி உண்டு. பணம் போயிருந்தால் உடனே 1930. பிள்ளையே பேச விரும்பினால் 1098. மானம் போய்விடும் என்று மூடி வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மிரட்டுபவன் நம்பியிருப்பதே அதைத்தான்.

இன்னும் ஒன்று, உதவித்தொகை சம்பந்தமாக. நம் அலுவலகத்துக்கு அதிகம் பேர் வருவதே அதற்குத்தான். விண்ணப்பங்களிலும் தேர்வுப் பதிவுகளிலும் பிள்ளையின் முகவரியைப் போடாதீர்கள், உங்கள் முகவரியைப் போடுங்கள். முன்பே சொன்னேன், குப்பை என்று கருதிய கடிதத்தைப் பிள்ளையின் கணக்குக்குள் கூகுள் விடாது. பெரியவர் கணக்கில் அது ஸ்பேம் பெட்டியிலாவது கிடக்கும், தேடி எடுக்கலாம். பிள்ளை கணக்கில் அந்தப் பெட்டிக்கும் வராது. ஒரு முக்கியமான அறிவிப்பைத் தவறுதலாகக் குப்பை என்று நினைத்துவிட்டால், வந்ததே நமக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை அது.

விலை வேறும் உண்டு. கண்காணிப்பு வந்த பிறகு அந்தப் பையனுக்கு யூடியூபில் முன்பு பார்த்த பல வராமல் போயின. சில விளையாட்டுகள் அனுமதி கேட்டு நின்றன. முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "உண்மையைச் சொன்னதுக்கு எனக்குத் தண்டனையா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான். சகோதரி என்னிடம் வந்து, இதற்கு என்ன பதில் சொல்வது என்றார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. போன வருடம் கடையில் வருடத்தை மாற்றியபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள், அது தப்பு என்று அவனிடமே சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். அவன் ஒன்றும் பேசவில்லையாம், ஆனால் மறுநாள் அஸருக்குப் பிறகு அவனே மடிக்கணினியை எடுத்து வைத்தான் என்றார்.

இன்ஷா அல்லாஹ், வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அஸர் முதல் மக்ரிப் வரை அலுவலகத்தில் இருப்பேன். பிள்ளைக்குக் கணக்குத் தொடங்க வேண்டியவர்கள், வருடத்தை மாற்றிப் போட்டவர்கள், இரு சாராரும் வரலாம். வரும்போது அம்மாவின் போனைக் கொண்டு வாருங்கள், அதில் இப்போது பேசிக்கொண்டிருக்கும் சிம் இருக்கட்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை வந்தால் போதும்.

வஸ்ஸலாம்.